முப்பத்து நான்கா, முப்பத்து மூன்றரையா?
பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் ஒரு வீட்டுப்பாடக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பத்தாம் வகுப்பில் புள்ளியியல் பாடம் வரும் மாதத்தில் பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தாம் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். இந்த முறை ஒரு தந்தையும் மகளும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் இரண்டு விடைகளோடு வந்தார்கள். மகளின் விடை 33.5. தந்தையின் விடை 34. "சூத்திரம் ஒன்றுதான் சார், கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. பின் அரை வயது எங்கே போயிற்று?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லப் போனால் இந்தப் பாடத்தின் சாரம் முழுவதையும் தொட்டுவிடலாம் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் அப்பா 'இடைநிலை அளவு' என்பார், பள்ளியில் ஆசிரியர் 'மீடியன்' என்பார், இந்தி வழியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை 'மாத்யக்' என்பான். மூன்றும் ஒன்றே. சூத்திரத்தின் எழுத்துகளும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவர்கள் இதை

l + ((N/2 − m) / f) × c

என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். இங்கே மத்திய வாரியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளின் என்.சி.ஈ.ஆர்.டி. நூலில் அது

l + ((n/2 − cf) / f) × h

என்று இருக்கும். m என்பதும் cf என்பதும் ஒன்று. C என்பதும் h என்பதும் ஒன்று. 'நான் படித்தது வேறு, நீ படிப்பது வேறு' என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டுப்பாடக் கணக்கு இதுதான். ஒரு குடியிருப்பில் வசிக்கும் 120 பேரின் வயது கீழ்க்கண்டவாறு தரப்பட்டுள்ளது. இடைநிலை வயதைக் காண்க. கொடுத்திருந்தவை முதல் இரண்டு பத்திகள் மட்டுமே. மூன்றாவது பத்தி நாம் போட்டுக்கொள்வது.

| வயது | நபர்கள் (நிகழ்வெண்) | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|
| 0 – 9 | 14 | 14 |
| 10 – 19 | 17 | 31 |
| 20 – 29 | 19 | 50 |
| 30 – 39 | 25 | 75 |
| 40 – 49 | 21 | 96 |
| 50 – 59 | 13 | 109 |
| 60 – 69 | 8 | 117 |
| 70 – 79 | 3 | 120 |

குவிவு நிகழ்வெண் என்பது பெயரளவில்தான் கடினம். மளிகைக் கடைச் சிட்டையில் ஒவ்வொரு சாமானின் விலையையும் எழுதிப் பக்கத்திலேயே 'இதுவரை எவ்வளவு' என்று கூட்டிக்கொண்டே வருவதைப் போன்றது அது. 14, அதோடு 17 சேர்த்தால் 31, அதோடு 19 சேர்த்தால் 50. இப்படியே கடைசி வரிக்கு வரும்போது மொத்த எண்ணிக்கையான 120 கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கோ கூட்டலில் பிழை. மேற்கொண்டு போகாமல் அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும்.

கூட்டத் தெரிந்தால் போதாது, கூட்டி வந்த எண் என்ன சொல்கிறது என்பதும் தெரிய வேண்டும். 20 – 29 என்ற வரியில் இருக்கும் 50, 'இருபதுகளில் இருப்பவர்கள் 50 பேர்' என்று சொல்லவில்லை. அவர்கள் 19 பேர்தான். '30 வயது நிரம்பாதவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து 50 பேர்' என்று அது சொல்கிறது. ஆகவே குவிவு நிகழ்வெண் எப்போதும் பிரிவின் மேல் எல்லைக்குச் சொந்தமானது. வரைபடத் தாளில் குவிவு வளைகோடு வரையும்போது 50 என்ற புள்ளியை 20 – 29இன் நடுவிலே வைக்கும் பிள்ளைகள் இதை மறந்தவர்கள். அந்தப் புள்ளி 30க்கு நேராக வர வேண்டும்.

சில வினாத்தாள்களில் அட்டவணையையே திருப்பிப்போட்டுக் கொடுத்துவிடுவார்கள். '10க்குக் கீழ் 14, 20க்குக் கீழ் 31, 30க்குக் கீழ் 50' என்று வரும். இது ஏற்கெனவே குவிந்த எண். இதை மறுபடியும் கூட்டக் கூடாது. மேல் வரியைக் கீழ் வரியிலிருந்து கழித்தால் 14, 17, 19 என்று அந்தந்தப் பிரிவின் நிகழ்வெண் கிடைக்கும். 'கீழ்' என்ற சொல்லைக் கவனிக்காமல் போனாலும் கண்டுபிடிக்க வழியுண்டு. எண்கள் எங்கேயும் குறையாமல் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தத்தில் வந்து நின்றால் அது குவிவு அட்டவணை.

இனி இடைநிலை அளவு. 120 பேரையும் வயதில் சிறியவரிலிருந்து பெரியவர் வரை ஒரே வரிசையில் நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர், அதாவது 60 பேர், எந்த வயதுக்கு இப்பால் நிற்கிறார்களோ அதுவே இடைநிலை வயது. குவிவுப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வருவோம். 50 வரை வந்தாயிற்று, 60 போதவில்லை. அடுத்த எண் 75, 60ஐத் தாண்டிவிட்டது. ஆகவே நாம் தேடும் இடம் 30 – 39 என்ற பிரிவுக்குள் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 25 என்ற மிகப் பெரிய நிகழ்வெண் இந்தப் பிரிவில் இருப்பது தற்செயல். 'பெரிய எண் எங்கே இருக்கிறதோ அதுதான் மீடியன் பிரிவு' என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அது முகடு காணும் வழி. இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே வரியில் விழுந்துவிட்டதால் தப்பான வழியில் போனவனும் சரியான வாசலில் நுழைந்துவிடுவான். அடுத்த கணக்கில் அகப்பட்டுக்கொள்வான்.

பிரிவு தெரிந்துவிட்டது. அதற்குள் எந்த இடம்? 30 வயதை எட்டும்போது நம்மிடம் 50 பேர் சேர்ந்துவிட்டார்கள். 60 ஆக இன்னும் 10 பேர் வேண்டும். இந்தப் பிரிவில் 25 பேர் பத்து ஆண்டுகளில் பரவி நிற்கிறார்கள். எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்று அட்டவணை சொல்லவில்லை. சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறோம். 25 பேருக்குப் பத்து ஆண்டு என்றால் 10 பேருக்கு நான்கு ஆண்டு. 30ஓடு 4 சேர்த்தால் 34. அவ்வளவுதான். சூத்திரம் இதையே எழுத்தில் சொல்கிறது:

30 + ((60 − 50) / 25) × 10 = 34

இப்படி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் போட்டுவிட்டால் பிறகு எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்ற குழப்பமே வராது. m அல்லது cf என்பது மீடியன் பிரிவுக்கு முன்னால் சேர்ந்த தொகை, அதாவது 50. அந்தப் பிரிவின் வரியிலேயே கண்ணுக்கு நேராக இருப்பது 75 என்பதால் பலர் அதையே எடுத்துப் போடுகிறார்கள். போட்டால் 60 − 75 என்று −15 வரும். விடை 24 ஆகிவிடும். 30 – 39க்குள் இருக்க வேண்டிய விடை 24 என்று வெளியே போய் நிற்பதே பிழைக்குச் சாட்சி. எழுதிய விடை பிரிவுக்குள் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் இந்தப் பிழை தப்பவே தப்பாது.

பிரிவின் அகலத்தில் நேரும் பிழை இவ்வளவு எளிதில் அகப்படாது. 39இலிருந்து 30ஐக் கழித்து 9 என்று போட்டால் விடை 33.6 வரும். அது பிரிவுக்குள்ளேயே இருப்பதால் சந்தேகமும் வராது. 30, 31, 32 என்று விரல்விட்டு எண்ணினால் 39 வரை பத்து வயதுகள் இருக்கின்றன. அகலத்தை அந்தப் பிரிவுக்குள்ளேயே கழித்துப் பார்க்காமல், ஒரு பிரிவின் தொடக்கத்திலிருந்து அடுத்த பிரிவின் தொடக்கம் வரை, அதாவது 30இலிருந்து 40 வரை பார்ப்பதே பாதுகாப்பு.

விடையைச் சரிபார்க்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, வரிசையைக் கடைசியிலிருந்து எண்ணிப் பார்ப்பது. 70ம் அதற்கு மேலும் 3 பேர். 60ம் அதற்கு மேலும் 11 பேர். 50க்கு 24, 40க்கு 45. மேலேயிருந்து 60 பேர் வேண்டும். 40 வயது வரை இறங்கி வந்ததில் 45 பேர் கிடைத்துவிட்டார்கள். இன்னும் 15 பேர் வேண்டும். 25 பேருக்குப் பத்து ஆண்டு என்றால் 15 பேருக்கு ஆறு ஆண்டு. 40இலிருந்து 6 குறைத்தால் 34. இரு பக்கமிருந்து வந்தவர்களும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள்.

இந்தச் சரிபார்ப்பு இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவைக்கும். 'பட்டியலாக எண்கள் கொடுத்தால் (N+1)/2 என்று போடச் சொன்னீர்களே, இங்கே ஏன் N/2?' என்று அந்தப் பெண்ணே கேட்டாள். ஏழு பிள்ளைகள் வரிசையில் நின்றால் நடுவில் நிற்பவன் நான்காமவன்; (7+1)/2 = 4. அங்கே நாம் ஓர் ஆளைத் தேடுகிறோம். இங்கே ஆள் யாரும் தெரியவில்லை. வயது என்ற நீண்ட கோட்டை இரு சம பாதியாக வெட்டும் இடத்தைத் தேடுகிறோம். நம் கணக்கில் 60க்குப் பதிலாக 60.5 போட்டுப் பாருங்கள். கீழிருந்து வந்தால் 30 + (10.5/25) × 10 = 34.2. மேலிருந்து வந்தால் 40 − (15.5/25) × 10 = 33.8. இரண்டும் சந்திக்கவில்லை. ஒரே கூட்டத்துக்கு இரண்டு நடுவா இருக்க முடியும்? N/2 போட்டால்தான் சந்திக்கிறார்கள்.

இனி அரை வயதுக்கு வருவோம்.

மகள் போட்ட கணக்கு இப்படி இருந்தது: 29.5 + ((60 − 50) / 25) × 10 = 33.5. அவள் தன் விருப்பத்துக்கு அப்படிப் போடவில்லை. 20 – 29 என்று ஒரு பிரிவு முடிந்து 30 – 39 என்று அடுத்தது தொடங்கினால், 29க்கும் 30க்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை அடைக்க ஒவ்வொரு பிரிவின் கீழ் எல்லையிலிருந்து 0.5 கழித்து, மேல் எல்லையோடு 0.5 கூட்ட வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக் கொடுத்த விதி. அதன்படி 30 – 39 என்பது 29.5 – 39.5 ஆகிவிடும்.

விதி சரியானதே. ஆனால் அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து முழு சென்டிமீட்டரில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 149.7 இருந்தால் 150 என்று எழுதுவார்கள், 150.3 இருந்தாலும் 150 என்றே எழுதுவார்கள். ஆகவே ஏட்டில் 150 என்று இருப்பதன் பொருள் 149.5க்கும் 150.5க்கும் இடையில் ஏதோ ஒன்று. 150 – 159 என்ற பிரிவில் உண்மையில் இருப்பவர்கள் 149.5 முதல் 159.5 வரை. இலையின் நீளம், மூட்டையின் எடை என்று அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தி எழுதும் எல்லா அளவுக்கும் இது பொருந்தும்.

வயதை நாம் அப்படியா சொல்கிறோம்? இருபத்தொன்பது முடிந்து பத்து மாதம் ஆனவரைக் கேட்டால் 'இருபத்தொன்பது' என்றுதான் சொல்வார். முப்பதாவது பிறந்த நாள் வரும்வரை அவர் இருபத்தொன்பதுதான். வயது அருகிலுள்ள எண்ணுக்குத் திருத்தப்படுவதில்லை. நிறைந்த ஆண்டுகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. ஆகவே 20 – 29 என்ற பிரிவு 20ஆம் பிறந்த நாளில் தொடங்கி 30ஆம் பிறந்த நாளுக்கு முந்தின நாள் வரை நீள்கிறது. 29க்கும் 30க்கும் நடுவில் அடைக்க வேண்டிய இடைவெளியே இல்லை. அந்த ஓராண்டு முழுவதும் 29க்குச் சொந்தம்.

இதை நான் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குச் சமாதானமாகவில்லை. "மிஸ் எல்லாக் கணக்குக்கும் 0.5தான் போடுகிறார்கள் மாமா" என்றாள். முதல் வரிக்கு அந்த விதியைப் போட்டுப் பார் என்றேன். 0 – 9 என்பது −0.5 – 9.5 ஆயிற்று. பிறப்பதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே வயது எண்ணத் தொடங்கிவிட்டது! அவளே சிரித்துவிட்டாள். ஒரு விதி தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு இப்படிப்பட்ட அடையாளங்கள் எங்காவது இருக்கும். அட்டவணையின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் தேடினால் அகப்படும்.

அப்படியானால் 33.5 முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பதிவேட்டில் எழுதிய 34, 35 என்ற முழு எண்களையே உண்மையான மதிப்பு என்று கொண்டு அவற்றின் நடுவைக் கேட்டால் 33.5 என்பது நியாயமான விடை. ஆனால் ஏட்டில் 34 என்று இருப்பவர் எல்லாரும் இன்றைக்குத்தான் 34 ஆனவர்கள் அல்லர். ஒருவர் நேற்று ஆனவர், இன்னொருவருக்கு அடுத்த வாரம் 35 ஆகப் போகிறது. சராசரியாக அவர்கள் முப்பத்து நாலரை. எழுதும்போது எல்லார் வயதிலும் விட்டுப்போன அந்தச் சில மாதங்கள்தாம் காணாமற்போன அரை வயது. எனவே 33.5 என்பது பதிவேட்டு எண்களின் நடு. 34 என்பது அந்த மனிதர்களின் வயதின் நடு. கணக்கு கேட்டது இடைநிலை வயதை. தந்தையின் விடையே சரி என்பது என் முடிவு.

மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோருக்குக் கவலை இருக்கும், அது நியாயமே. வயது அட்டவணைக்கும் 0.5 கழித்தே விடை கொடுக்கும் வழிகாட்டி நூல்கள் கடைகளில் உண்டு. ஆகவே பிள்ளை எந்த எல்லையை எடுத்தாலும் ஏன் எடுத்தாள் என்பதை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். 'வயது நிறைந்த ஆண்டுகளில் தரப்படுவதால் 30 – 39 என்பது 30 – 40 எனக் கொள்ளப்பட்டது' என்று எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்கினால், திருத்துபவருக்கு அது கவனப் பிழை அல்ல என்பது தெரியும். பள்ளியில் ஆசிரியர் 0.5 விதியையே வற்புறுத்தினால் முன்கூட்டியே அவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. வினாவே 30 – 40, 40 – 50 என்று கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் எழவே எழாது; அங்கே 0.5க்கு வேலையில்லை.

குடியிருப்பில் 120 பேர் என்னும்போது அரை வயது என்பது அற்பமாகத் தோன்றும். 25 பேர் பத்து ஆண்டில் பரவியிருந்தால் அரை ஆண்டுக்குள் நிற்பவர் ஒருவரோ இருவரோதான். இதே கணக்கை நாடு முழுவதற்கும் போட்டுப் பார்க்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வயதை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துத் தருகிறது. கோடிக் கணக்கில் சுருக்கி எழுதினால் முதல் ஐந்து வரிகள் இவை:

| வயது | மக்கள் (கோடி) | குவிவு (கோடி) |
|---|---|---|
| 0 – 4 | 11.28 | 11.28 |
| 5 – 9 | 12.69 | 23.97 |
| 10 – 14 | 13.27 | 37.24 |
| 15 – 19 | 12.05 | 49.29 |
| 20 – 24 | 11.14 | 60.43 |

நாட்டின் மொத்த மக்கள்தொகை அப்போது சுமார் 121.09 கோடி. அதில் ஏறத்தாழ 45 லட்சம் பேருக்கு வயது குறிப்பிடப்படவில்லை. அவர்களை எந்த வரியிலும் சேர்க்க முடியாது என்பதால் மொத்தத்திலிருந்தும் நீக்கிவிட வேண்டும், நீக்கினால் 120.64 கோடி. பாதி 60.32 கோடி. குவிவுப் பத்தியில் விரலை வைத்து வந்தால் 49.29 போதவில்லை, 60.43 தாண்டிவிட்டது. ஆகவே 20 – 24 என்பதே மீடியன் பிரிவு.

20 + ((60.32 − 49.29) / 11.14) × 5 = 24.95

'இந்தியாவில் பாதிப் பேர் 25 வயதுக்குக் கீழ்' என்று பல ஆண்டுகள் மேடையிலும் பத்திரிகையிலும் கேட்டோமே, அது இந்தக் கணக்குதான். 60.43 கோடி என்ற ஒரு குவிவு நிகழ்வெண்ணும் அதன் பக்கத்தில் நிற்கும் 60.32 என்ற பாதியும்தான் அந்த வாக்கியம். இதில் 0.5 விதியைப் புகுத்தினால் 19.5இலிருந்து தொடங்கி 24.45 என்று விடை வரும். 24.45க்கும் 24.95க்கும் நடுவில் நிற்பவர்கள் எத்தனை பேர்? 11.14 கோடிப் பேர் ஐந்து ஆண்டில் பரவியிருந்தால் அரை ஆண்டுக்கு 1.11 கோடி. எல்லையைத் தவறாக எடுத்ததால் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் நடுக்கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார்கள்.

வயது சொல்லாத 45 லட்சம் பேரை நீக்காமல் விட்டிருந்தால் பாதி 60.54 கோடி ஆகியிருக்கும். அது 60.43ஐத் தாண்டிவிடுவதால் மீடியன் பிரிவே மாறி 25 – 29க்குப் போய்விடும். விடை 25ஐச் சற்றுத் தாண்டும். பிரிவு மாறினாலும் விடை அதிகம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மீடியன் ஒரு பிரிவின் ஓரத்தில் விழும்போது எந்தப் பிரிவு என்று பதறத் தேவையில்லை. குவிவு நிகழ்வெண் சரியாகப் பாதியாகவே இருந்துவிட்டால் மேல் பிரிவை எடுத்தாலும் கீழ்ப் பிரிவை எடுத்தாலும் விடை அந்த எல்லையேதான்.

24.95இல் அந்தக் கடைசி 5ஐ எவ்வளவு நம்பலாம்? 'சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறோம்' என்று முன்னே சொன்னேனே, எல்லாம் அதன் தலையில்தான் நிற்கிறது. வீட்டுப்பாடக் கணக்கில் முப்பதுகளில் இருந்த 25 பேரில் 9 பேர் 33க்குள்ளும் மற்ற 16 பேர் 38, 39லும் இருந்திருந்தால், பாதி வழியில் நிற்பவர் 38 வயதுக்காரர். சூத்திரம் அப்போதும் 34 என்றே சொல்லும். அதற்கு உள்ளே நடப்பது தெரியாது. இடைநிலை 30க்கும் 40க்கும் நடுவில் இருக்கிறது என்பது மட்டுமே அட்டவணை தரும் உறுதி. மற்றது மதிப்பீடு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தச் சமப் பரவல் மெய்யாகவே குலைவதுண்டு. கணக்கெடுக்க வருபவரிடம் நம் ஊர்ப் பாட்டிமார் வயதை எப்படிச் சொல்வார்கள்? 'ஒரு அறுபது இருக்கும், எழுதிக்கோப்பா.' பிறந்த தேதி எழுதி வைக்காத வீடுகளில் வயது 0இலோ 5இலோ முடியும் எண்ணாகவே வாயில் வரும். அதனால் ஒற்றை வயதுகளின் பட்டியலைப் பார்த்தால் 30, 35, 40 என்ற இடங்களில் எண்ணிக்கை குன்றுபோல் எழும்பி, 31, 41 என்ற இடங்களில் பள்ளமாக இருக்கும். 20 – 24, 25 – 29 என்று ஐந்தைந்தாகத் தொகுப்பதால் குன்றும் பக்கத்துப் பள்ளங்களும் ஒரே கூடையில் விழுந்து ஓரளவு சமன்படுகின்றன. தொகுப்பதால் விவரம் போகிறது என்பது உண்மை. போகிற விவரத்தில் கொஞ்சம் பொய்யும் சேர்ந்து போகிறது.

அந்த அட்டவணையின் கடைசி வரி '80ம் அதற்கு மேலும்' என்று மேல் எல்லை இல்லாமல் திறந்தபடி இருக்கும். கூட்டுச் சராசரி காண வேண்டுமானால் அந்த வரிக்கு நடுப்புள்ளி எது என்று திண்டாட வேண்டும். 85 என்று கொள்வதா, 90 என்று கொள்வதா? இடைநிலை அளவுக்கு அந்தக் கவலை இல்லை. பாதிக் கூட்டம் இருபத்தைந்து வயதுக்குள்ளேயே முடிந்துவிட்டதால், கடைசி வரியில் இருப்பவர் 81ஆ 101ஆ என்று யாரும் கேட்பதில்லை. அவர் அந்தப் பக்கத்தில் ஒருவராக எண்ணப்பட்டால் போதும். வீட்டுப்பாடத்தின் கடைசி வரியை '70க்கு மேல் 3 பேர்' என்று மாற்றிவிட்டுப் பிள்ளையை மறுபடியும் போடச் சொல்லுங்கள். 34 அசையாது.